மூச்சு விடும் கேமரா

ஐப்பசி பிறந்து மழை தொடங்கிவிட்டால் சென்னையில் சிசிடிவி பழுதுபார்ப்பவர்களின் போனுக்கு ஒரே புகார் திரும்பத் திரும்ப வரும். "பகல்ல பளிச்சுன்னு தெரியுது தம்பி. ராத்திரி ஆனா ஒரே புகை மூட்டமா இருக்கு. விடிஞ்சு வெயில் ஏறினா தானா சரியாயிடுது." அனுபவம் குறைந்தவர் கேமரா போய்விட்டது என்பார், புதிது மாற்றச் சொல்வார். அனுபவசாலி எதிர்க்கேள்வி ஒன்று கேட்பார்: "காலையில எத்தனை மணிக்குத் தெளியுது சார்?"

அந்தக் கேள்வியில் பாதி நோய் தெரிந்துவிடும். தெளிவதும் மங்குவதும் வெயிலோடு சேர்ந்து நடந்தால், கூட்டுக்குள் ஈரம் புகுந்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பகலிரவு வேறுபாடு இல்லாமல் எப்போதும் மங்கலாக இருந்தால் காரணம் வேறு. முன்கண்ணாடியில் தூசி படிந்திருக்கலாம், வெயிலில் காய்ந்து டோம் மஞ்சளித்திருக்கலாம், லென்ஸிலேயே பூஞ்சை பிடித்திருக்கலாம். இரவில் மட்டும் வெள்ளை இழைகள் ஆடினால் அது சிலந்தியின் வேலை. கேமராவின் அகச்சிவப்பு விளக்கைத் தேடிப் பூச்சிகள் வரும், பூச்சிகளைத் தேடிச் சிலந்தி வரும்.

இன்னொரு சோதனை அதைவிட எளிது. படம் மங்கியிருக்கும் நேரத்திலேயே ஏணி போட்டு ஏறி, மெல்லிய துணியால் கண்ணாடியின் வெளிப்புறத்தைத் துடைத்துப் பார்க்க வேண்டும். படம் உடனே தெளிந்தால் அது வெளியே படிந்த பனி. அதற்காகக் கேமராவைத் திறக்க வேண்டியதில்லை. துடைத்த பிறகும் மாற்றம் இல்லையென்றால் ஈரம் உள்ளே இருக்கிறது.

உள்ளே எவ்வளவு தண்ணீர் இருந்தால் படம் கெடும்? ஒரு கரண்டியாவது இருக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மைக் கணக்கு வியப்பூட்டும். சற்றே பெரிய புல்லட் கேமரா ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கூட்டுக்குள் அரை லிட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள சென்னைக் காற்று, ஒரு லிட்டரில் ஏறக்குறைய 24 மில்லிகிராம் நீராவியைச் சுமந்திருக்கும். அப்படியானால் நம் கேமராவுக்குள் இருப்பது 12 மில்லிகிராம், அதாவது ஒரு சொட்டுத் தண்ணீரில் கால்வாசி.

இந்தக் காற்று குளிரக் குளிர, நீராவியைத் தாங்கும் அளவு குறையும். தாங்க முடியாமல் தண்ணீராக விடத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிநிலை என்பார்கள். மேலே சொன்ன காற்றுக்கு அது சுமார் 26 டிகிரி. கார்த்திகை இரவில் கண்ணாடி 23 டிகிரிக்கு இறங்கினால், அரை லிட்டர் காற்றிலிருந்து ஏறக்குறைய 2 மில்லிகிராம் நீர் பிரிந்து வரும். கூட்டுக்குள் அப்போது எது மிகவும் குளிர்ந்திருக்கிறதோ அங்கேதான் அது படியும். மின்சுற்றும் விளக்குகளும் சூடாக இருக்கும். வானத்தைப் பார்த்து நிற்கும் முன்கண்ணாடிதான் முதலில் குளிரும். ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி முழுவதும் ஒரு மைக்ரான் தடிமனுக்கு நீர்ப்படலம் விரிக்க அந்த 2 மில்லிகிராமே போதும்.

படலம் சீராக விரிந்தால்கூடத் தொல்லை குறைவுதான். அது நுண்ணிய துளிகளாக நிற்கிறது என்பதே சிக்கல். புல்லட் கேமராவில் லென்ஸும் அகச்சிவப்பு விளக்குகளும் பெரும்பாலும் ஒரே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். விளக்கின் ஒளி ஒவ்வொரு துளியிலும் பட்டுச் சிதறி, வெளியே போகாமல் லென்ஸுக்கே திரும்புகிறது. அதனால்தான் பகலில் லேசாக மங்கிய படம் இரவில் முழு வெள்ளையாகிறது. லென்ஸைச் சுற்றி நுரை அல்லது ரப்பர் வளையம் ஒன்று கண்ணாடியோடு ஒட்டி நிற்கும். விளக்கொளி பக்கவாட்டில் லென்ஸுக்கு வராமல் தடுப்பது அதன் வேலை. அந்த வளையம் விலகியிருந்தாலும் இதேபோல வெள்ளைப் படம்தான் வரும். ஆனால் அது காலை மாலை பார்த்து வராது, எல்லா இரவும் ஒரே மாதிரி இருக்கும்.

மின்சாரம் போய் வந்த இரவுகளில் தொல்லை கூடுவதைப் பலர் கவனித்திருப்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது கேமரா தன் சூட்டாலேயே கண்ணாடியை ஓரிரு டிகிரி வெதுவெதுப்பாக வைத்திருக்கிறது. மின்சாரம் நின்று ஒரு மணி நேரமானால் கூடு குளிர்ந்து, உள்ளே மறைந்திருந்த ஈரமெல்லாம் கண்ணாடிக்கு வந்துவிடும்.

இங்கே நியாயமான சந்தேகம் ஒன்று எழும். பெட்டியின் மேல் ஐபி66 அல்லது ஐபி67 என்று அச்சிட்டிருக்கிறதே, பிறகு ஈரம் எப்படி உள்ளே போகிறது? அந்த எண்கள் பொய்யில்லை. 66 என்பதில் முதல் 6 தூசு நுழையாது என்பதற்கும், இரண்டாவது 6 வலுவான நீர்ப்பீச்சலைத் தாங்கும் என்பதற்கும் அடையாளம். அதற்கான சோதனையில் 12.5 மில்லிமீட்டர் வாயுள்ள குழாயால் நிமிடத்துக்கு 100 லிட்டர் தண்ணீரை எல்லாத் திசையிலிருந்தும் பீய்ச்சுவார்கள். ஐபி67 கேமராவை ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்க வைப்பார்கள். ஆனால் சோதனைக்குப் போவது கேஸ்கட் புதிதாக இருக்கும் கேமரா. சோதிக்கப்படுவது தண்ணீருக்கு எதிரான தடுப்பு மட்டுமே, நீராவி அந்தக் கணக்கில் வராது. ஆண்டு முழுவதும் வெயிலில் சூடாகி இரவில் குளிரும் கூட்டுக்கு என்ன ஆகும் என்பதையும் அந்த எண் சொல்லாது.

அந்தச் சூடும் குளிர்ச்சியும்தான் கதையின் மையம். 30 டிகிரியில் இருக்கும் கூடு மதிய வெயிலில் 55 டிகிரிக்கு ஏறினால் உள்ளிருக்கும் காற்று எட்டு விழுக்காடு விரிய முயலும். ஏதேனும் நூலிழை இடுக்கு இருந்தால் 40 மில்லிலிட்டர் காற்று அதன் வழியே வெளியேறிவிடும். மாலையில் குளிரும்போது அதே அளவு வெளிக்காற்றை, அதுவும் மாலை நேரத்து ஈரக் காற்றை, கூடு உள்ளே இழுத்துக்கொள்ளும். பகலில் வெளிமூச்சு, இரவில் உள்மூச்சு. இப்படி நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம் அளவுக்கு நீராவி உள்ளே வரும்.

கோடை மழை இதைவிடப் பொல்லாதது. மே மாத மதியத்தில் 55 டிகிரியில் காய்ந்து கிடக்கும் உலோகக் கூட்டின் மேல் திடீரென்று மழை கொட்டி, சில நிமிடங்களில் அது 28 டிகிரிக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று மெதுவாக உள்ளே வந்து சரிக்கட்ட நேரமிருக்காது. கூட்டுக்குள் அழுத்தம் எட்டு விழுக்காடு குறைந்து, ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரை உறிஞ்சி இழுக்கும் அளவுக்கு வெற்றிடம் உண்டாகும். அந்த நேரம் கேஸ்கட்டின் விளிம்பில் தேங்கி நிற்பது மழைநீர். அதைத்தான் கூடு உறிஞ்சும். ஆறு மாதம் மழையில் நனைந்தும் ஒன்றும் ஆகாத கேமரா ஒரே ஒரு கோடை மழையில் கெட்டுப்போவதற்கு இதுவே காரணம்.

நல்ல கம்பெனிகள் இதற்கென்று கூட்டில் சிறு மூச்சுத்துளை வைப்பதுண்டு. காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் மெல்லிய சவ்வு ஒன்று அதில் ஒட்டப்பட்டிருக்கும். அழுத்தம் அதன் வழியே சமமாகிவிடுவதால் கேஸ்கட் வழியே தண்ணீர் இழுக்கப்படாது. வேடிக்கை என்னவென்றால், 'ஓட்டை இருக்கு சார், அதான் தண்ணி போகுது' என்று அந்தத் துளையைத்தான் பலர் முதலில் சிலிகான் வைத்து அடைக்கிறார்கள்.

இனி, கழற்றி மேசைமேல் வைத்த ஒரு கேமராவைப் பார்க்கலாம். கடற்கரையோர வீடு, நான்கு ஆண்டுகள் வெளியில் நின்ற புல்லட் கேமரா. திறப்பதற்கு முன் ஒன்று: வாரண்டி இருக்கும் கேமராவைத் திறந்தால் வாரண்டி போய்விடும், நேரே கடைக்கே எடுத்துப்போவது நல்லது. இதற்கு வாரண்டி முடிந்துவிட்டது. முன்மூடியைத் திருகிக் கழற்றியதும் கண்ணாடியின் அடி ஓரத்தில் பிறை வடிவில் வெள்ளைக் கறை தெரிகிறது. தண்ணீர் பலமுறை தேங்கிக் காய்ந்து விட்டுப்போன உப்பு அது. வெறும் மூச்சு ஈரம் இப்படிக் கறை வைக்காது. தண்ணீர் தண்ணீராகவே வந்திருக்கிறது.

முதலில் ஓ-ரிங். அதை நகத்தால் பள்ளத்திலிருந்து எழுப்பி, விரலிடுக்கில் உருட்டிப் பார்க்க வேண்டும். நல்ல ரப்பர் அழுத்தினால் உடனே உருண்டைக்கு மீளும். இது ஒருபக்கம் தட்டையாகிவிட்டது. குறுக்கே ஒரு தலைமுடியும் ஒட்டியிருக்கிறது. அந்த முடியின் இரு பக்கத்திலும் ரப்பர் பள்ளத்தைத் தொடாமல் நிற்கும் சிறு இடைவெளி போதும், மூச்சு அதன் வழியேதான். அதே அளவில் புது ஓ-ரிங் வாங்கி, பள்ளத்தைப் பஞ்சுக்குச்சியால் சுத்தம் செய்து, ரப்பர் மினுமினுக்கும் அளவுக்கு மட்டும் சிலிகான் கிரீஸ் தடவிப் போட வேண்டும். அப்பிவிட்டால் அதில் மணல் ஒட்டும்.

அடுத்தது கேபிள், பலரும் மறக்கும் வாசல். கேமராவின் வால் ஒரு சிறு ஜங்ஷன் பெட்டிக்குள் போய் நெட்வொர்க் கேபிளோடு சேர்கிறது. அந்தக் கேபிள் மாடியிலிருந்து நேராக இறங்கிப் பெட்டியின் மேல்பக்கத் துளைக்குள் நுழைகிறது. மழைநீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே உள்ளே போக இதைவிட வசதியான வழி வேண்டாம். போதாக்குறைக்கு, மாடியில் கேபிளின் மேலுறை ஓரிடத்தில் கிழிந்திருக்கிறது. உறைக்குள் எட்டுக் கம்பிகளுக்கும் இடையே உள்ள இடுக்கில் தண்ணீர் மீட்டர் கணக்கில் ஊர்ந்து போகும். வெளியே எத்தனை சிலிகான் பூசினாலும் அதற்குத் தடை இல்லை. இதற்குச் செய்தவை: கிழிந்த கேபிளை மாற்றியது, பெட்டியின் துளையை அடிப்பக்கம் மாற்றியது, ஆறு மில்லிமீட்டர் கேபிளை இறுகப் பிடிக்கும் பிஜி9 கிளாண்ட் போட்டது, கேபிள் பெட்டிக்குள் ஏறுமுன் ஒரு சாண் தொங்கி மேலேறும்படி விட்டது. தொங்கும் வளைவின் அடியில் தண்ணீர் சொட்டிவிடும். ஒரே கிளாண்டில் இரண்டு கேபிளை நுழைக்கும் பழக்கம் ஊரெங்கும் உண்டு. இரண்டு உருளைகளுக்கு நடுவே ரப்பர் போய் அடைக்க வழியில்லாததால் கிளாண்ட் போட்டும் போடாதது போலத்தான்.

டோம் கேமராவாக இருந்தால் பார்க்க வேண்டிய இடங்கள் சற்று மாறும். பக்கவாட்டில் குழாய் நுழைய வைத்த துளையின் மூடி திரும்பப் போடப்பட்டிருக்கிறதா, மெமரி கார்டு மூடி இறுகியிருக்கிறதா, மூன்று திருகில் ஒன்று காணாமல் போயிருக்கிறதா என்பவை முக்கியம். சுவரில் துளையிட்டுக் கேபிள் இழுத்திருந்தால், அறைக்குள்ளிருந்து வரும் ஈரக் காற்றும் அந்தத் துளை வழியே கேமராவின் முதுகுக்கு வந்து சேரும். அந்தத் துளையையும் அடைக்க வேண்டும்.

சிலிகான் பசையைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் மலிவாகக் கிடைக்கும் வகை காயும்போது வினிகர் நெடி அடிக்கும். அந்த நெடி அசிட்டிக் அமிலம். மூடிய கூட்டுக்குள் செம்பையும் சால்டரையும் அது அரிக்கும். நெடியில்லாத நியூட்ரல் க்யூர் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அதையும் சுவருக்கும் அடித்தட்டுக்கும் இடையே, மேலும் பக்கவாட்டிலும் பூசி, அடிப்பக்கம் சிறிது திறந்து விடுவதே நல்லது. உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி வேண்டும். கேஸ்கட் இருக்கும் மூட்டின் மேல் பசை பூசுவது அவசரக்காரர் வேலை. அடுத்த முறை திறக்கும்போது கேஸ்கட் பிய்ந்துகொண்டு வரும். காய்ந்த சிலிகான் தண்ணீரைத் தடுத்தாலும் நீராவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடவே செய்யும்.

எல்லா வழியையும் அடைத்தாயிற்று என்று உடனே மூடினால், உள்ளே பூட்டப்படுவது அதே ஈரக் காற்று. கழற்றிய கேமராவை இறுக மூடும் டப்பா ஒன்றில் நூறு கிராம் காய்ந்த சிலிகா ஜெல்லோடு ஒருநாள் முழுக்க வைத்துவிடலாம். அரிசிப் பானை இதற்கு உதவாது, அரிசி மெதுவாகத்தான் ஈரம் இழுக்கும், மாவுத் தூசியை வேறு விட்டுவிடும். பிறகு மூடியைத் திருகும் வேலையைக் குளிர்சாதன அறையில் செய்வது பழுதுபார்ப்பவர்களில் விவரம் தெரிந்தவர்களின் வழக்கம். 24 டிகிரியும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறைக்காற்றின் பனிநிலை 13 டிகிரியை ஒட்டியே இருக்கும். சென்னையில் தை மாத விடியலில்கூடக் கண்ணாடி அவ்வளவு கீழே போவது அரிது. ஆக, ஜெல் போடாமலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

பிளாஸ்டிக்கும் நுரையும் தங்களுக்குள் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும் என்பதால்தான் மீதிப் பாதிக்கு ஜெல் வேண்டும். இந்தத் தொல்லை வீட்டுக் கேமராவோடு நிற்பதில்லை. ஐரோப்பிய விண்வெளி அமைப்பு 2023 ஜூலையில் ஏவிய யூக்ளிட் தொலைநோக்கியின் பார்வை சில மாதங்களில் மங்கத் தொடங்கியது. பூமியில் பூட்டும்போது வெப்பத்தடுப்பு உறைகளில் ஒட்டிக்கொண்ட ஈரம் வெற்றிடத்தில் மெல்ல வெளியேறி, ஆடிகளில் பனிக்கட்டியாகப் படிந்திருந்தது. 2024 மார்ச்சில் ஒரே ஒரு ஆடியை 34 டிகிரி மட்டும் சூடேற்றினார்கள். அதுவரை வந்ததைவிட 15 விழுக்காடு கூடுதல் ஒளி வந்தது.

சிலிகா ஜெல் ஏறக்குறைய மணலின் குடும்பம்தான். நுண்துளைகள் நிறைந்த சிலிகா மணிகள். இதைத் தயாரிக்கும் முறைக்கு அமெரிக்க வேதியியலர் வால்டர் பாட்ரிக் 1919இல் காப்புரிமை பெற்றார். கூட்டுக்குள் ஈரப்பதம் 40 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டே அது தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீரைப் பிடிக்கும். அதாவது ஐந்து கிராம் ஜெல் ஆயிரம் மில்லிகிராம் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். நம் கேமரா மூச்சு விடுவதால் வருவது நாளுக்கு ஒரு மில்லிகிராம். கணக்குப்படி ஆயிரம் நாள் ஓட வேண்டும். ரப்பர் வழியே கசிவதும் பிளாஸ்டிக் விடுவதும் சேர, நடைமுறையில் ஒரு வருடம் ஓடினால் குறை சொல்ல முடியாது.

இந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால் ஒரு சோதனைக் கருவி கிடைக்கிறது. போட்ட ஜெல் ஒரே வாரத்தில் நிறைந்துவிட்டதா? அப்படியானால் நாளுக்கு 140 மில்லிகிராம் நீர் வந்திருக்கிறது. மூச்சுக்காற்று அவ்வளவு கொண்டுவராது, எங்கோ தண்ணீரே நுழைகிறது. வாராவாரம் ஜெல் மாற்றுவதைவிட அந்த வழியைத் தேடுவதே வேலை.

நிறைந்ததா என்று எப்படி அறிவது? நீல மணிகள் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும், ஆரஞ்சு மணிகள் பச்சையாகும் அல்லது வெளுக்கும். வெள்ளை மணிப் பொட்டலத்துக்குத் தராசுதான் வழி. காய்ந்த எடையைப் பொட்டலத்தின் மேலேயே பேனாவால் எழுதிவிட வேண்டும். ஐந்து கிராம் ஆறைத் தாண்டினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. செருப்புப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் கிடைக்கும் பொட்டலங்களைச் சேர்த்துவைத்துப் போடுபவர்கள் உண்டு. நம் ஊர்க் காற்றில் திறந்து கிடந்த பொட்டலம் எப்போதோ நிறைந்திருக்கும், அதைக் காய்ச்சாமல் போடுவது ஈரத் துணியை உள்ளே வைப்பதற்குச் சமம்.

நிறைந்த மணிகளைத் தட்டில் பரப்பி 110 முதல் 120 டிகிரிக்குள் இரண்டு மணி நேரம் ஓவனில் வைத்தால் மறுபடி உயிர் வரும். அதற்கு மேல் சூடானால் நிறம் காட்டும் சாயம் கருகிவிடும். நீல மணிகளில் உள்ள கோபால்ட் குளோரைடு உடலுக்குக் கேடு என்பதால் சமையலறை ஓவனுக்குள் அவை போகவே கூடாது.

பொட்டலத்தை வைக்கும் இடம் கூட்டின் பின்பகுதி. மின்சுற்றில் படாமல் இருபக்க ஒட்டுநாடாவால் ஒட்ட வேண்டும். மணிகளை அப்படியே கொட்டினால் உரசி உதிரும் பொடி லென்ஸில் படியும். இன்னொரு வரம்பும் உண்டு: சூடு ஏற ஏற ஜெல்லின் பிடி தளரும். மதியம் 60 டிகிரியில் அது பிடித்த ஈரத்தில் கொஞ்சம் காற்றுக்கே திரும்பக் கொடுக்கும். மாலையில் ஜெல்லைவிட வேகமாகக் கண்ணாடி குளிர்ந்தால் அந்த ஈரம் முதலில் கண்ணாடிக்குப் போகும். பாதிக்கு மேல் நிறைந்த ஜெல்லில் இது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நடக்கும். கேமராவின் தலைக்கு மேல் வரும் வெயில் தடுப்புத் தகட்டைக் கழற்றி வைத்துவிடுபவர்கள் இதை நினைக்க வேண்டும். பகலில் சூட்டையும் இரவில் வானத்துக்கு இழக்கும் வெப்பத்தையும் அது குறைக்கிறது.

மூடிய மறுநாள் ஒரு சோதனை. பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டிகளைப் போட்டு முன்கண்ணாடியின் மேல் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து, வெளி ஈரத்தைத் துடைத்துவிட்டுப் படத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே மூட்டம் தெரியாவிட்டால் மேலே ஏற்றலாம். தெரிந்தால் ஏணியில் ஏறும் வேலை மிச்சம், ஓ-ரிங்கிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். கடற்கரை வீட்டுக் கேமரா முதல் சோதனையில் தேறவில்லை. கண்ணாடியின் ஓரத்தில் நகக்கண் அளவு மூட்டம் எழுந்தது. மூடியின் மரையில் பழைய பசைத் துணுக்கு ஒன்று சிக்கி முழுதாகத் திருகவிடாமல் செய்திருந்தது. சுரண்டி எடுத்த பிறகு இரண்டாம் முறை கண்ணாடி தெளிவாகவே நின்றது.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் இந்த ஏற்பாடு மட்டும் போதாது. மார்கழி, தை இரவுகளில் வெப்பம் பூஜ்யத்தை நெருங்கும்போது குளிர்சாதன அறையில் மூடிய காற்றும் பனிநிலைக்கு வந்துவிடும். அங்கே ஜெல்லை நிறைய விடாமல் அடிக்கடி மாற்ற வேண்டும், அல்லது முன்கண்ணாடியைச் சூடாக வைக்கும் சிறு ஹீட்டர் கொண்ட கூட்டை வாங்க வேண்டும். துறைமுகங்களிலும் கப்பல்களிலும் இன்னும் ஒரு படி மேலே போய், கூட்டுக்குள் உலர்ந்த நைட்ரஜனை வெளி அழுத்தத்தைவிடச் சற்று அதிகமாக நிரப்பி மூடிய கேமராக்களை வைக்கிறார்கள். உள்ளே அழுத்தம் அதிகமாக இருக்கும்வரை இடுக்கு இருந்தாலும் காற்று வெளியேதான் போகும்.

திறந்து பார்த்தபோது விளக்குப் பலகையில் பச்சைப் பொடி பூத்திருந்தாலோ, லென்ஸின் உள்ளடுக்குக் கண்ணாடிகளுக்கு நடுவே மூட்டம் இருந்தாலோ கணக்கு வேறு. பச்சை என்பது செம்பு அரித்ததன் அடையாளம். அந்தக் கேமராவை உலர்த்தினால் சில வாரம் ஓடிப் பிறகு விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும். லென்ஸின் உள்ளே போன ஈரம் பூஞ்சையாகும், அதைத் துடைக்கத் துணி எட்டாது. அங்கே ஓ-ரிங்குக்கும் ஜெல்லுக்கும் செலவழிப்பது வீண். புதுக் கேமரா வாங்கி, கேபிளும் கிளாண்டும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து மாட்ட வேண்டியதுதான்.